தென்னை ஏறுபவர் விழுந்துவிட்டால் தோப்புக்காரர் என்ன எழுதித் தர வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராவூரணிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 2023 ஆகஸ்டில், பதினொரு வருடமாக எங்கள் மரங்களில் ஏறிவந்த அண்ணன் ஒருவர் கீழே விழுந்தார். அவர் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீட்டில் சேர்ந்திருந்ததால் இழப்பீடு கேட்க முடிந்தது. அதற்குத் தோப்புக்காரர் என்ற முறையில் நான் அறிக்கை எழுதித் தந்தேன், முதல் தடவை தப்பாக. அப்புறம் திருத்தி எழுதினேன். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் தோப்பில் யார் விழுந்தாலும் எனக்குப் போன் வருகிறது, கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

மரம் ஏறுறவரு விழுந்துட்டாரு. இன்சூரன்ஸுக்கு நான் என்ன எழுதித் தரணும்?

ஒரு பக்கம் போதும், வெள்ளைத்தாள் போதும். அதில் ஆறு விஷயம் தெரிய வேண்டும்: நீங்கள் யார், தோப்பு எங்கே இருக்கிறது (கிராமம், சர்வே எண்), விழுந்தவர் யார், எந்தத் தேதி எத்தனை மணிக்கு, அந்த நேரம் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், விழுந்த பிறகு யார் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கோரிக்கைப் படிவம் தனி, மருத்துவமனைத் தாள்கள் தனி. உங்கள் கடிதத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள், இந்த மரத்தில், தேங்காய் பறிக்க ஏறியபோது விழுந்தார் என்று அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் சொல்வது.

இது ஏன் வேண்டும் என்றால், கேரா சுரக்ஷா என்பது தென்னை ஏறுகிறவர்களுக்கான விபத்துக் காப்பீடு. மரம் ஏறும் தொழிலாளிக்கு நியமன உத்தரவு, வருகைப் பதிவேடு எதுவும் கிடையாது. காலையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார், மதியம் கூலியை வாங்கிக்கொண்டு போவார். அன்று அவர் உங்கள் தோப்பில் வேலை செய்தார் என்பதற்கு உங்கள் வார்த்தையை விட்டால் எழுத்தில் வேறு எதுவும் இருக்காது.

நான் எழுதிக் கொடுத்தா, பணம் என்கிட்டதானே கேப்பாங்க?

இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் எழுதாமல் நழுவுகிறார்கள். காப்பீட்டுப் பணம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருவது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியம் கட்டுகிறது, மீதியை ஏறுகிறவர் கட்டுகிறார். முன்பு அவர் பங்கு 99 ரூபாய், காப்பீடு 5 லட்சம். பிறகு அது 239 ரூபாய், 7 லட்சம் என்று உயர்ந்தது. (பாலிசி புதுப்பிக்கப்படும்போது இந்தத் தொகைகள் மாறும், அதனால் அவர் கையில் இருக்கும் அந்த வருடச் சான்றிதழில் போட்டிருப்பதுதான் கணக்கு.) இந்தக் கோரிக்கையில் தோப்புக்காரர் வெறும் சாட்சி. உங்கள் மேல் குற்றம் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

வேலைக்கு வைத்தவர் தர வேண்டிய இழப்பீடு என்பது வேறு பாதை. 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் அதைத்தான் பேசியது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அந்தப் பாதையில் அவர் போகிறாரா, நீங்கள் அதன்படி வேலை கொடுத்தவராக ஆகிறீர்களா என்பதெல்லாம் நடந்த உண்மையைப் பொறுத்தது. கடிதம் எழுதியதால் அந்தப் பொறுப்பு புதிதாக முளைக்காது, எழுதாமல் விட்டதால் அழியவும் அழியாது. ஆட்கள் பார்க்க உங்கள் மரத்திலிருந்து விழுந்தவர் அவர். காய் பொறுக்கியவர்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் வந்த இடம் பதிவாகியிருக்கிறது. நீங்கள் மறைத்தால் அது அவர் கேட்கும் காப்பீட்டைத்தான் கெடுக்கும்.

நான் நேர்ல பார்க்கலையே. எப்படி எழுதுறது?

பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். நானும் பார்க்கவில்லை. மோட்டார் கொட்டகையில் நின்று வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதலில் மட்டை விழுகிற சத்தம், உடனே அதைவிடக் கனமான இன்னொரு சத்தம், அப்புறம் காய் பொறுக்கும் அம்மாவின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் வரப்போரம் மல்லாந்து கிடக்கிறார், தளைக்கயிறு இன்னும் காலில் மாட்டியபடி இருக்கிறது, அரிவாள் பத்தடி தள்ளிக் கிடக்கிறது. நான் நேரில் கண்டது இவ்வளவுதான்.

ஆனால் என் முதல் கடிதத்தில், நானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி "மட்டையைப் பிடித்தபோது மட்டை முறிந்து விழுந்தார்" என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது அந்த அம்மா சொல்லி நான் கேட்டது. விசாரணைக்கு வந்தவர், "நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், கடிதம் அங்கேயே ஆட்டம் கண்டது. பிறகு திருத்தி எழுதியது இப்படி:

"நான் மேற்படி தோப்பின் உரிமையாளர். 08.08.2023 செவ்வாய்க்கிழமை காலை 6 மணி முதல் மேற்படி நபர் என் தோப்பில் தேங்காய் பறிக்கும் வேலையில் இருந்தார். எட்டு மரங்கள் பறித்து முடித்து, மேற்கு வரப்பை ஒட்டிய ஒன்பதாவது மரத்தில் ஏறியிருந்தார். காலை சுமார் 7.40 மணிக்கு நான் மோட்டார் கொட்டகையில் இருந்தபோது சத்தம் கேட்டு ஓடிச் சென்றேன். அவர் அந்த மரத்தின் அடியில் கிடந்தார். அவர் விழுந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. கொண்டைக்குள் ஏறக் கையால் பிடித்த மட்டை முறிந்ததால் விழுந்தார் என்று அங்கே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்மணி என்னிடம் சொன்னார். அவரது வாக்குமூலம் தனியாக இணைக்கப்பட்டுள்ளது. முறிந்த மட்டை மரத்தடியில் கிடந்ததை நான் பார்த்தேன். இடுப்பும் வலது குதிகாலும் வலிப்பதாக அவர் என்னிடம் கூறினார். சுமார் 8.10 மணிக்கு 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நானும் உடன் சென்றேன்."

கண்டது, கேட்டது, அவரே சொன்னது என மூன்றும் தனித்தனியாக நிற்பதைப் பாருங்கள். நேரில் பார்த்தவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால், அவர் சொல்வதை அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கி, வாசித்துக் காட்டியவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆஸ்பத்திரியில "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு"ன்னு சொல்லிட்டோம். போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு பயம். இப்ப என்ன பண்றது?

நான் பார்த்தவரை, கோரிக்கைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் ஆளை இறக்கியதும் மருத்துவர் முதலில் கேட்பது "எப்படி அடிபட்டது?" என்றுதான். அதற்கு யார் என்ன சொல்கிறார்களோ அது விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும், அழைத்து வந்தவர் பெயரோடும் நேரத்தோடும். அந்தப் பதிவேட்டின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். காப்பீட்டுக்காரர்கள் முதலில் எடுத்துப் படிப்பது அதை. பணத்தைப் பற்றிய நினைப்பு யாருக்கும் வராத நேரத்தில், அடிபட்ட அரைமணி ஒரு மணிக்குள் சொன்னது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். அதில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்து, பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் "தென்னை மரத்திலிருந்து விழுந்தார்" என்று சொன்னால், பொய் சொல்வது உங்கள் கடிதம்தான் என்று நினைப்பார்கள்.

பதிவேட்டில் எழுதியதைப் பிறகு அடித்துத் திருத்தித் தரச் சொல்லி நிற்காதீர்கள், யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் பின்னால் வரும் மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. ஆள் பேசும் நிலையில் இருந்தால், வார்டில் பார்க்கும் மருத்துவரிடம் அவரே நேராக, "மரத்திலிருந்து விழுந்தேன், பயத்தில் கூட வந்தவர்கள் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்" என்று சொல்லட்டும். நோயாளி சொன்னதாக அன்றைய தேதியில் நோயாளி குறிப்பேட்டில் பதியச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் காயத்தின் வரலாறு என்ற வரியில் அது வந்திருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள். அப்புறம், மாற்றிச் சொன்னவர் யாரோ அவரே, ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு கடிதம் தர வேண்டும். நீங்கள்தான் சொன்னீர்கள் என்றால் உங்கள் அறிக்கையிலேயே அதை ஒப்புக்கொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு தாளும் முட்டிக்கொள்ளும்போது நடுவில் விளக்கம் எதுவும் இல்லாமல் விடுவது அவருக்குத்தான் கேடு.

காயத்தின் தன்மையும் கொஞ்சம் உதவும். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதும் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு நசுங்குவதும் சேர்ந்து வருவது வழக்கம். வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கு அப்படி ஆவது அபூர்வம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

எத்தனை அடி உயரத்துலேர்ந்து விழுந்தாருன்னு கேக்குறாங்க. மரத்தை எப்படி அளக்குறது?

வெயில் இருக்கும்போது அளந்துவிடலாம். ஐந்தடிக் குச்சி ஒன்றைத் தரையில் நேராக நட்டு அதன் நிழலை அளங்கள், அதே நேரம் மரத்தின் நிழலையும் அளங்கள். எங்களுக்குக் குச்சியின் நிழல் நான்கு அடி, மரத்தடியிலிருந்து கொண்டையின் நிழல் வரை 36 அடி. நான்குக்கு ஐந்து என்றால் 36-க்கு 45. தரை சமமாக இருக்க வேண்டும், மரம் நேராக இருக்க வேண்டும். சாய்ந்த மரத்துக்கு இது சரிவராது. 2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் தப்பிப் பிழைத்த மரங்களில் சாய்ந்து நிற்பவை உண்டு. அதில் ஏறத் தெரிந்த வேறொருவரை விட்டு, மேலிருந்து கயிறு தொங்கவிட்டு அளப்பதுதான் வழி.

இன்னொன்று, மரத்தின் உயரமும் விழுந்த உயரமும் ஒன்றல்ல. பாதி மரத்தில் கயிறு நழுவி விழுந்திருந்தால் பாதி உயரம்தான். மரம் சுமார் 45 அடி, கொண்டைக்குள் ஏறும் இடத்திலிருந்து விழுந்ததாகப் பார்த்தவர் சொல்கிறார் என்று இரண்டையும் எழுதுங்கள். "சுமார்" என்ற சொல்லைப் போடத் தயங்க வேண்டாம்.

கால் உடைஞ்சதுன்னு லெட்டர்ல எழுதிட்டேன். இப்ப முதுகெலும்பும் உடைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. வேற லெட்டர் தரணுமா?

தர வேண்டும், பழையதைக் கிழித்துப் போடாமல் கூடுதலாக. எங்கள் அண்ணனுக்கும் இதுதான் நடந்தது. குதிகால் வீங்கி நீலம் பாரித்திருந்ததால் எல்லோர் கண்ணும் அங்கேயே இருந்தது. இடுப்பு வலியை "விழுந்த வலி, போயிடும்" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் புரண்டு படுக்க முடியவில்லை என்றபோதுதான் படம் எடுத்தார்கள், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. என் முதல் கடிதத்தில் "வலது கால் முறிவு" என்று மட்டும் இருந்ததால், முதுகுக் காயம் பிறகு வேறு எங்கோ பட்டதா என்று கேட்டார்கள்.

தோப்புக்காரர் காயத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது. முறிவா, சுளுக்கா, நசுங்கலா என்பது மருத்துவர் எழுத வேண்டியது. எங்கே வலிக்கிறது என்று அவர் சொன்னார், எங்கே வீக்கமோ ரத்தமோ பார்த்தீர்கள், எழுந்து நிற்க முடிந்ததா, இவ்வளவுதான் உங்கள் பங்கு. (இதோடு சேர்த்து ஒன்று: விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தப் பயணத்திலேயே கால் செயல் இழக்கலாம். கிடந்தபடியே கிடக்கட்டும், 108 வரட்டும்.)

போலீஸ் ஸ்டேஷன் போயே ஆகணுமா?

இறந்துவிட்டால் கட்டாயம். இயற்கைக்கு மாறான மரணம் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும், பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் நடக்கும். 2024 ஜூலை 1 முதல் இது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் வருகிறது, அதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. இந்தப் பிரிவில் பதிவானதாலேயே உங்கள் மேல் கொலைப் பழி வந்துவிட்டது என்று யாரும் கலங்க வேண்டாம், மரணத்தின் காரணம் என்ன என்று பார்ப்பதற்கான விசாரணை அது. உறவுக்காரர்கள் அறுக்கக் கூடாது என்று அழுது உடலை வீட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்ட குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அந்தக் கோரிக்கை நகரவே இல்லை.

காயம் மட்டும் என்றால், மருத்துவமனையிலிருந்தே காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். நீங்களும் போய் நடந்ததைச் சொல்லி எழுதிக்கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது. அங்கே கொடுக்கும் மனுவும் காப்பீட்டுக்குக் கொடுக்கும் கடிதமும் தேதி, நேரம், மரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் ஏழு மணி, இன்னொன்றில் ஒன்பது மணி என்று இருந்தால் எதற்கு என்று கேட்பார்கள்.

கூலி எவ்வளவுன்னு எழுதணும்? மரத்துக்கு இவ்வளவுன்னுதான் கொடுப்பேன்.

மரக்கணக்கில் கொடுத்தால் மரக்கணக்கிலேயே எழுதுங்கள்: ஒரு மரத்துக்கு எவ்வளவு, ஒரு நாளில் வழக்கமாக எத்தனை மரம், எத்தனை நாளுக்கு ஒரு முறை பறிப்பு. எங்கள் தோப்பில் 45 நாளுக்கு ஒரு வெட்டு, அதனால் எங்களிடம் அவருக்கு வருடத்தில் எட்டுத் தடவைதான் வேலை. மாத வருமானம் இவ்வளவு என்று நானாக எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், ஏனென்றால் மற்ற நாட்களில் அவர் பத்துப் பன்னிரண்டு தோப்புகளில் ஏறினார். அவரவர் தோப்புக் கணக்கை அவரவர் எழுதித் தந்தால் அவர் உழைப்பின் முழு அளவு தெரியும். நான் இரண்டு பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் அப்படி வாங்கித் தந்தேன்.

தேங்காய்க் கணக்கு நோட்டு இருந்தால் அதன் நகலை இணையுங்கள். என் நோட்டில் முந்தைய வெட்டுகளின் தேதியும் அவர் பெயரும் கொடுத்த தொகையும் இருந்தன, எண்ணெய்க் கறையோடு அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தேன். சுத்தமாகப் புது நோட்டில் திருப்பி எழுதிக் கொடுத்தால் சந்தேகம்தான் வரும்.

காயை வியாபாரிக்கு மொத்தமா வித்துட்டேன். ஏறுன ஆளு அவரோட ஆளு. நான் ஏன் எழுதணும்?

இடம் உங்களுடையது என்பதால். கேரா சுரக்ஷாவைப் பொறுத்தவரை ஏறியவர் யாருடைய ஆள் என்பதைவிட, தென்னை ஏறும் வேலையில் விழுந்தாரா என்பதுதான் முக்கியம். "மரத்தில் உள்ள காயை இன்ன தேதியில் வியாபாரிக்கு விற்றுவிட்டேன், பறிக்க அவர் ஆள் அனுப்பினார், கூலி அவர்தான் கொடுக்கிறார், என் தோப்பில்தான் விபத்து நடந்தது" என்று எழுதுங்கள். வியாபாரியிடமும் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். இரண்டாவது பதிலில் சொன்ன மற்றொரு பாதையில் யார் வேலை கொடுத்தவர் என்ற கேள்வி எழுந்தால், இந்த வரிகள் உங்களுக்கும் துணை நிற்கும்.

பட்டா அப்பா பேர்ல இருக்கு, பார்த்துக்கிறது நான்தான். யார் கையெழுத்துப் போடுறது?

அன்று அங்கே இருந்தவர், விஷயம் தெரிந்தவர் போட வேண்டும். "என் தந்தை பெயரில் பட்டா உள்ள தோப்பை நான் பராமரித்து வருகிறேன்" என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள், சிட்டா நகலை இணையுங்கள். எண்பது வயது அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, விசாரணைக்கு வந்தவர் முன்னால் அவரைத் திணற விட வேண்டாம். குத்தகைக்கு எடுத்தவருக்கும் இதே கணக்குத்தான்.

காலைலயே குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்க. அதையும் எழுதணுமா?

"சொல்றாங்க" என்பதை எழுத வேண்டாம். நீங்கள் அருகில் இருந்து வாடையை உணர்ந்தீர்களா, அவர் தள்ளாடியதைப் பார்த்தீர்களா? இல்லை என்றால் அந்தப் பேச்சே உங்கள் கடிதத்தில் வரக் கூடாது. மூன்றாவது பதிலில் சொன்ன அதே பிரிவினைதான்: கண்டது, கேட்டது. அதே சமயம் "அவர் அன்று மது அருந்தவில்லை" என்றும் நீங்களாக உறுதி தராதீர்கள், உங்களுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

விபத்துக் காப்பீடுகளில் போதையில் நடந்த விபத்துக்குப் பணம் இல்லை என்ற விதிவிலக்கு பொதுவாக இருக்கும், அதனால் இதைக் கேட்பார்கள். மருத்துவமனைக்கு வந்தவுடன் மருத்துவர் வாடை இருந்ததா இல்லையா என்று குறித்திருப்பார், அவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். உங்களிடம் நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்திருந்தும் பார்க்கவில்லை என்று எழுதித் தருவது சரியல்ல. இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள்: 1923 சட்டத்தில், மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் குடிபோதையைக் காரணம் காட்டி வேலை கொடுத்தவர் விலக முடியாது என்றுதான் இருந்தது. குடித்திருந்தார் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்கும் தோப்புக்காரர்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ் முடிஞ்சு பத்து நாள்தான் ஆச்சு. தேதியை மட்டும் முன்னாடி போட்டு எழுதித் தந்தா பாவம் அந்தக் குடும்பம் பிழைச்சுக்கும்ல?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டார், அவர் குரலே உடைந்திருந்தது. ஆனாலும் முடியாது. 108-க்குப் போன அழைப்பு, விபத்துப் பதிவேடு, மருந்துச் சீட்டு எல்லாவற்றிலும் உண்மையான தேதி இருக்கிறது. பொய்த் தேதி போட்டால் பணமும் வராது, கையெழுத்துப் போட்டவர் மேல் மோசடி வழக்கு வரலாம், அடுத்த முறை உண்மையான கோரிக்கை போகும்போது அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே சந்தேகப்படுவார்கள்.

அந்த நிலையில் வேறு கதவைத் தட்ட வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, 18 முதல் 65 வயது வரை உள்ள விவசாயத் தொழிலாளர்கள் அதில் உறுப்பினர் ஆகலாம், விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும் உதவித்தொகை உண்டு. அவர் பெயரில் அட்டை இருக்கிறதா என்று வீட்டில் தேடச் சொல்லுங்கள், பல வீடுகளில் ரேஷன் அட்டைக்கு அடியில் கிடக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் வழி சொல்வார். அங்கேயும் உங்கள் அறிக்கை தேவைப்படும், உண்மையான தேதியோடு. வேலை கொடுத்தவர் வழியாகக் கேட்கும் பாதையையும் வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள். 1923 சட்டத்தில் அதற்கு இரண்டு வருட காலவரம்பு இருந்தது, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

லெட்டர் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. இப்ப விசாரணைக்கு ஆள் வர்றாங்களாம். என்ன கேப்பாங்க, என்ன வச்சிருக்கணும்?

மரத்தைக் காட்டச் சொல்வார்கள். எந்த மரம் என்று தடுமாறாமல் காட்ட வேண்டும். அன்றைக்கே அந்த மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பார்த்த அம்மாவைக் கேட்பார்கள், நீங்கள் நின்ற இடத்தைக் கேட்பார்கள், அவர் எத்தனை வருடமாக ஏறுகிறார், கயிற்றிலா கருவியிலா என்று கேட்பார்கள். எழுதிய கடிதத்தின் நகலை முந்தின நாள் ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம், மறந்துபோனதை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நகல் எடுக்காமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய் ஒரு பிரதி கேளுங்கள்.

விழுந்த அன்று எடுத்த படங்கள் இருந்தால் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், படத்தில் தேதி நேரம் பதிந்திருக்கும். வேறு போனுக்கு அனுப்பிய பிரதியைவிட எடுத்த போனில் இருக்கும் மூலம்தான் நல்லது. அந்த மட்டையையும் வைத்திருங்கள். எங்கள் மட்டையின் நுனி அன்று நல்ல பச்சையாக இருந்தது, அடி மட்டும் உள்ளே பழுப்பாக இற்றுப்போய் விரலால் நசுக்கினால் பொடிந்தது. பத்து நாளில் காய்ந்தால் முழுதும் ஒரே நிறமாகிவிடும் என்று நினைத்து, அந்த அடித்துண்டை ஒரு முழம் வெட்டி, உடைந்த பக்கம் தெரிகிற மாதிரி அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். விசாரணைக்கு வந்தவர் அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். மருத்துவச் செலவும் படுத்திருந்த வாரங்களுக்கான தொகையும் ஏழாவது மாதம் அண்ணன் கணக்குக்கு வந்தன. ஊன சதவீதத்துக்கான சான்று, காயம் ஆறி நிலைத்த பிறகுதான் மருத்துவக் குழுவில் கிடைத்தது, அந்தப் பகுதி தனியாக, அதற்கும் பிறகு வந்தது. அதனால் முதல் தொகை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று தாள்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.